முழு இரும மரத்தில் n இலைகள் இருந்தால் உள்கணுக்கள் n − 1: தொகுத்தறிதல் முறையில் நிரூபிப்பது எப்படி?

ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்க வேண்டும், அல்லது ஒன்றுமே இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட மரம்தான் முழு இரும மரம். பிள்ளை இல்லாத கணு இலை, பிள்ளைகள் உள்ள கணு உள்கணு. இலைகள் n என்றால் உள்கணுக்கள் n − 1 என்று காட்ட வேண்டும். முதலில் ஒரு மரத்தில் எண்ணிப் பார்ப்போம்.

```
        A
      /   \
     B     C
    / \   / \
   D   E F   G
            / \
           H   I
```

D, E, F, H, I ஆகிய 5 கணுக்கள் இலைகள். A, B, C, G ஆகிய 4 கணுக்கள் உள்கணுக்கள். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் இது ஒரே ஒரு மரம்தான். 5 இலைகளை வைத்தே வேறு வடிவ மரங்களும் வரையலாம். நிரூபணம் எல்லா வடிவங்களுக்கும் பொருந்த வேண்டும்.

படி 1: அடிப்படை நிலை, n = 1

ஒற்றைக் கணு மட்டும் உள்ள மரத்தில் இலை 1, உள்கணு 0. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஒரே இலை உள்ள மரம் வேறு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. வேருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவை இரண்டாக இருக்கும். ஒவ்வொரு பிள்ளையிலிருந்தும் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்காவது ஓர் இலையில்தான் முடியும். அப்போது குறைந்தது 2 இலைகள் வந்துவிடும். ஆகவே 1 இலை என்றால் அது ஒற்றைக் கணுதான்.

படி 2: கருதுகோள்

ஏதோ ஒரு k ≥ 1 எடுத்துக்கொள்வோம். k இலைகள் உள்ள ஒவ்வொரு முழு இரும மரத்திலும் k − 1 உள்கணுக்கள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். இங்கே ‘ஒவ்வொரு’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. அடுத்த படியில் எந்த வடிவ மரம் கையில் வரும் என்று நமக்குத் தெரியாது.

படி 3: k + 1 இலைகள்

k + 1 இலைகள் உள்ள ஏதாவது ஒரு முழு இரும மரத்தை எடுப்போம். அதில் இரண்டு இலைகளை வெட்டிச் சிறிய மரமாக்க வேண்டும். எந்த இரண்டு? நிரூபணத்தின் உயிரே இந்தக் கேள்விதான்.

வேரிலிருந்து அதிக ஆழத்தில் உள்ள இலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். k + 1 ≥ 2 என்பதால் அது வேராக இருக்க முடியாது. அதற்கு ஒரு பெற்றோர் உண்டு. மரம் முழு மரம் என்பதால் அந்தப் பெற்றோருக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளையும் இலைதான். அதற்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் இன்னும் ஆழத்தில் ஓர் இலை இருந்திருக்கும், நாம் எடுத்ததோ மிக ஆழமான இலை.

மேலே உள்ள மரத்தில் H, I இரண்டும் அப்படிப்பட்டவை. ஆழத்தைப் பார்க்காமல் F-ஐ எடுத்திருந்தால், அதன் உடன்பிறப்பு G உள்கணுவாக இருப்பதால் வெட்ட முடியாமல் போயிருக்கும்.

சரி, இப்போது அந்த இரண்டு இலைகளையும் நீக்குவோம். அவற்றின் பெற்றோர் இலையாக மாறுகிறது. மற்ற கணுக்கள் எதுவும் மாறவில்லை, அதனால் மிஞ்சியதும் முழு இரும மரமே. இலைகளில் 2 போய் 1 வந்தது: k + 1 − 2 + 1 = k. உள்கணுக்களில் 1 குறைந்தது. சிறிய மரத்துக்குக் கருதுகோள் பொருந்துவதால் அதில் k − 1 உள்கணுக்கள். ஆகவே பழைய மரத்தில் (k − 1) + 1 = k. k + 1 இலைகளுக்கு வர வேண்டிய எண்ணிக்கையும் அதுவே. நிரூபணம் முடிந்தது.

எதிர்த் திசையில் போனால் என்ன ஆகும்?

தொடக்கத்தில் பலரும் இப்படி எழுதுவார்கள்: “k இலை மரத்தை எடு, ஓர் இலைக்கு இரண்டு பிள்ளைகளைச் சேர், இலையும் உள்கணுவும் ஒவ்வொன்று கூடுகின்றன, முடிந்தது.” எண்கள் சரிதான். ஆனால் இது இப்படிக் கட்டிய மரங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. k + 1 இலைகள் உள்ள எல்லா மரங்களும் இப்படித்தான் உருவாகும் என்று யார் சொன்னது? அதைக் காட்ட வேண்டுமென்றால் மறுபடி ஆழமான இலையைத் தேடி வெட்டத்தான் வேண்டும். அதனால் பெரிய மரத்தில் தொடங்கிச் சிறியதற்கு இறங்குவதே பாதுகாப்பான வழி.

‘முழு’ என்ற நிபந்தனை எங்கே பயன்பட்டது?

இரண்டு இடங்களில்: படி 1-ல் வேரின் பிள்ளைகள் இரண்டாக இருக்கும் என்று சொன்னபோதும், படி 3-ல் உடன்பிறப்பு உண்டு என்று சொன்னபோதும். ஒற்றைப் பிள்ளையை அனுமதித்தால் அந்த இரண்டு வரிகளும் உடைந்துவிடும். A-வுக்கு B மட்டும் பிள்ளை, B-க்கு C மட்டும் பிள்ளை என்று வையுங்கள். இலை C ஒன்றுதான், உள்கணுக்களோ 2. மிக ஆழமான இலையான C-க்கு உடன்பிறப்பே கிடையாது.