மூன்று வாரத்துக்கு 135 மணி: ஷிப்டு வேலை நேரத்தை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

மலேசியாவில் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "போன வாரம் ஐந்து ஷிப்டு போட்டார்கள். சட்டப்படி வாரத்துக்கு 45 மணிதானே?" ஆமாம், 45 மணிதான். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 48 ஆக இருந்த வார வரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45 ஆகக் குறைந்தது. ஆனால் ஷிப்டு வேலைக்கு இந்த வரம்பை ஒரே வாரத்தில் பார்க்கக் கூடாது. 60C பிரிவின்படி ஒரு வாரம் 45-ஐத் தாண்டலாம். எந்த மூன்று வாரத்தை எடுத்தாலும் சராசரி 45-ஐத் தாண்டக் கூடாது. அதாவது மூன்று வாரத்துக்கு மொத்தம் 135 மணி.

"எந்த மூன்று வாரத்தை எடுத்தாலும்" என்பதுதான் சட்டத்தின் உயிர்நாடி. பெரும்பாலான அட்டவணைகள் தவறுவதும் அங்கேதான்.

படி 1: ஒரு ஷிப்டில் உண்மையில் எத்தனை மணி?

காலை 7 முதல் இரவு 7 வரை என்று அட்டவணை சொல்லும். அது 12 மணி. அதில் ஓய்வு ஒரு மணி நேரம் என்றால் வேலை நேரம் 11 மணி. ஆனால் அந்த ஓய்வு உண்மையான ஓய்வாக இருக்க வேண்டும். முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரமெல்லாம் வேலை நேரமே என்கிறது சட்டம். கேண்டீனுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட முடிந்தால் கழித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, விளக்கு எரிந்தால் ஓட வேண்டும் என்றால் கழிக்காதீர்கள்.

ஷிப்டு மாறும்போது பொறுப்பு ஒப்படைக்க முன்கூட்டியே வரச் சொல்கிறார்களா? அதையும் சேர்க்க வேண்டும். தொழிற்சாலைப் பஸ் சீக்கிரம் வந்து இறக்கிவிட்டதால் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தை நான் சேர்க்க மாட்டேன். கட்டாயமாக வரச் சொன்ன நேரத்தை மட்டும் சேர்ப்பேன்.

படி 2: நாள்வாரியாக எழுதுங்கள்

வாரக் கணக்கு மட்டும் வைத்தால் போதாது. ஒரு நாளுக்கு ஒரு வரி வேண்டும். விடுமுறை நாளானால் 0 என்று எழுதுங்கள். வரியை விட்டுவிடாதீர்கள், விட்டால் 21 நாள் கணக்கு குழம்பிவிடும். இரவு ஷிப்டு நள்ளிரவைத் தாண்டினால் மணிகளை இரண்டாக உடைக்கத் தேவையில்லை. ஷிப்டுத் தொழிலாளருக்கு "நாள்" என்பது எந்த நேரத்திலும் தொடங்கும் தொடர்ச்சியான 24 மணி. எனவே ஷிப்டு தொடங்கிய தேதியிலேயே முழுவதையும் எழுதலாம்.

அட்டவணையில் இல்லாமல், ஓய்வு நாளில் கூப்பிட்டுச் செய்த வேலையையும் ஓவர்டைமையும் வேறொரு பத்தியில் எழுதுங்கள். ஓவர்டைமுக்குத் தனி வரம்பு உண்டு: மாதத்துக்கு 104 மணி. இரண்டையும் கலந்தால் எந்த வரம்பு மீறப்பட்டது என்று சொல்ல முடியாமல் போகும்.

படி 3: 21 நாள் கூட்டல்

கணினியிலோ கைப்பேசியிலோ விரிதாள் இருந்தால் A பத்தியில் தேதி, B பத்தியில் மணி. முதல் நாள் 2-ஆம் வரியில் தொடங்கினால், 21-ஆம் நாள் 22-ஆம் வரி. C22, D22 கட்டங்களில் முறையே இவற்றை எழுதி, அட்டவணை முடியும்வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUM(B2:B22)
=IF(C22>135,"மீறல்","சரி")
```

கீழே இழுக்க இழுக்கக் கூட்டல் ஒவ்வொரு நாளாக நகரும். ஒரு வாரம் என்பது தொடர்ச்சியான ஏழு நாள். அது திங்கட்கிழமைதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் நகரும் கூட்டல்.

ஓர் அட்டவணையைப் பிரித்துப் பார்ப்போம்

ஷிப்டுக்கு 11 மணி. ஆறு வார அட்டவணையில் வாரத்துக்கு வாரம் ஷிப்டுகள் இப்படி: 3, 4, 5, 5, 4, 3. மணியில் சொன்னால் 33, 44, 55, 55, 44, 33.

அலுவலகத்தில் கேட்டால், முதல் மூன்று வாரத்தைக் கூட்டிக் காட்டுவார்கள்: 132 மணி, சராசரி 44. அடுத்த மூன்று வாரமும் 132, சராசரி 44. இரண்டும் சரி. இப்போது இரண்டாம் வாரத்தில் தொடங்கிக் கூட்டுங்கள்: 44, 55, 55. மொத்தம் 154, சராசரி 51.3. மூன்றாம் வாரத்தில் தொடங்கினாலும் அதே 154. வரம்புக்கு மேல் 19 மணி. இரண்டு கனமான வாரங்களை ஒட்டிவைத்து, நடுவில் கோடு போட்டுவிட்டதால் அது கண்ணில் படவில்லை.

இதற்கு ஒரு பதில் வரலாம்: "நாங்கள் ஆறு வாரத்துக்குச் சராசரி பார்க்கிறோம்." ஆறு வாரத்துக்கு 264 மணி, சராசரி 44தான். சட்டமும் மூன்று வாரத்துக்கு மேற்பட்ட காலத்தை அனுமதிக்கிறது. ஆனால் அதற்குத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் ஒப்புதல் தர வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே: ஒப்புதல் கடிதம் இருக்கிறதா, அதில் எத்தனை வாரம் என்று எழுதியிருக்கிறது? கடிதம் இல்லையென்றால் மூன்று வாரம்தான்.

விரல்விட்டு எண்ண ஒரு வழி

விரிதாள் வேண்டாம் என்பவர்கள் ஷிப்டுகளை எண்ணினாலே போதும். 11 மணி ஷிப்டானால், எந்த 21 நாளிலும் 12 ஷிப்டு வரை சரி (132). பதின்மூன்றாவது ஷிப்டு 143-க்குக் கொண்டுபோய்விடும்.

அந்த 12 ஷிப்டின் 132 மணிக்கும் 135-க்கும் இடையில் இருப்பது மூன்று மணி நேரம் மட்டுமே. ஒப்படைப்புக்காக ஒவ்வொரு ஷிப்டுக்கும் 15 நிமிடம் முன்னால் வரச் சொன்னால் 12 ஷிப்டில் அந்த மூன்று மணியும் தீர்ந்தது. 20 நிமிடம் என்றால் 136, வரம்பு தாண்டிவிட்டது. ஓய்வு நேரம் பெயரளவுக்குத்தான் என்றால் ஷிப்டு முழு 12 மணி. 12 ஷிப்டுக்கு 144. அப்போது 11 ஷிப்டோடு நிறுத்த வேண்டும். முதல் படியில் நிமிடக் கணக்கில் நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

சராசரி சரியாக வந்தாலும் இன்னொரு வரம்பு தனியாக நிற்கிறது: விபத்து போன்ற விதிவிலக்கான சூழல்களைத் தவிர, ஒரே நாளில் 12 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 11 மணி ஷிப்டு முடிந்தபின் இரண்டு மணி ஓவர்டைம் என்றால் அன்றே மீறல்.

விடுப்பு எடுத்த வாரம் கணக்கில் வந்தால் கூட்டல் இயல்பாகவே குறைந்து அழகாகத் தெரியும். நான் விடுப்புக்கு முன்னரும் பின்னரும் உள்ள 21 நாள்களைத்தான் முதலில் பார்ப்பேன். அட்டவணையின் உண்மையான பாரம் அங்கே தெரியும்.

மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களும் இந்தக் கணக்கைப் போடலாம். அந்தத் தொகை ஓவர்டைம் ஊதிய உரிமைக்கான எல்லை; வேலை நேர வரம்புக்கு அல்ல. சபா, சரவாக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் தனிச் சட்டங்கள் உண்டு.

மீறல் தெரிந்தால்

தேதியும் மணியும் எழுதிய தாளையும் அட்டவணையின் நகலையும் வைத்துக்கொண்டு முதலில் மேற்பார்வையாளரிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசுங்கள். பலன் இல்லையென்றால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகம். பேசும்போது ஒரு மாற்று அட்டவணையையும் கையோடு கொண்டுபோனால் பேச்சு எளிதாகும். மேலே சொன்ன அட்டவணைக்கு அது மிகச் சுலபம்: 3, 4, 5, 3, 4, 5 என்று வாரங்களின் வரிசையை மாற்றினால் போதும். ஷிப்டுகளின் மொத்த எண்ணிக்கை மாறாது. வேலை நாள்களும் அதே கிழமைகளில் திரும்பத் திரும்ப வந்தால், அட்டவணை 21 நாளுக்கு ஒரு முறை சுழலும். எந்த நாளில் தொடங்கிக் கூட்டினாலும் சரியாக 12 ஷிப்டு, 132 மணி.