நியர் மிஸ் அறிக்கை எழுதுவது எப்படி: நடந்ததையும் நினைத்ததையும் பிரித்து வைக்க

யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் உடையவில்லை, ஆனால் ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் கதையே வேறு. இப்படிப்பட்ட நியர் மிஸ்ஸுக்கு அறிக்கை எழுதச் சொன்னால் பலரும் முதல் வரியிலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். தேதி, துறை, ஷிப்ட் போன்ற கட்டங்களை நீங்களே நிரப்பிவிடுவீர்கள். ‘என்ன நடந்தது’ என்ற அந்தப் பெரிய கட்டத்தைப் பற்றி மட்டும் இங்கே பார்ப்போம்.

நான் கையாண்ட ஒரு சம்பவத்தை, அடையாளங்களை மாற்றி, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உயரமான மேடையில் பிட்டர் ஒருவர் வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு ஸ்பானர் விழுந்தது. கீழே நடந்துபோன ஹெல்பருக்கு மிக அருகில் வந்து விழுந்தது. அன்று என் கைக்கு வந்த முதல் வரைவு இது:

> பிட்டர் அலட்சியமாக ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். எச்சரிக்கை நாடாவைக் கவனிக்காமல் ஹெல்பர் உள்ளே வந்தார். சக தொழிலாளி சத்தம் போட்டதால் அவர் விலகி உயிர் தப்பினார்.

மூன்று வாக்கியம்தான். அதில் உறுதியாகத் தெரிந்தது ஸ்பானர் விழுந்தது மட்டும்தான்.

படி 1: எதையும் நகர்த்துவதற்கு முன் அளந்துவிடுங்கள்

முதலில் வேலையை நிறுத்தி, அந்த இடத்தைப் பாதுகாப்பாக்குங்கள். அப்புறம் ஸ்பானர் கிடந்த இடத்தை, அளவு நாடாவும் படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். இந்தச் சம்பவத்தில் நாங்கள் அளந்தது: மேடையின் உயரம் 6 மீட்டர், ஸ்பானரின் எடை 0.8 கிலோ, ஹெல்பர் நின்றதாகக் காட்டிய இடத்துக்கும் ஸ்பானர் கிடந்த இடத்துக்கும் இடையே 70 செ.மீ. சிசிடிவி இருந்தால் பதிவு அழிவதற்குள் நகல் கேளுங்கள். அதன் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று உங்கள் போனுடன் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: சாதாரண நோட்டும் பேனாவும்தான். லேப்டாப்பைத் திறந்தால் கை தானாகவே ‘அறிக்கை நடை’க்குப் போய்விடும். போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். எடுத்த நேரம் முதலான விவரங்கள் அதில் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

படி 2: ஒவ்வொரு வரிக்கும் ‘எப்படித் தெரியும்?’

நோட்டில் வரிக்கு ஒரு தகவல் எழுதி, பக்கத்தில் நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: பார்த்தேன், அளந்தேன், சொன்னார், ஊகம். நேரம் போவது இந்தப் படியில்தான், போகட்டும்.

‘அலட்சியமாக’ என்பதைப் பாருங்கள். அதை யாரும் பார்க்க முடியாது. அது ஊகம். ‘போட்டுவிட்டார்’ என்பதும் அப்படித்தான். அவர் கையிலிருந்து நழுவியதை யாராவது பார்த்தார்களா? கேட்டபோது ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் ‘ஸ்பானர் விழுந்தது’ என்பதோடு நிறுத்த வேண்டும். ‘கவனிக்காமல்’, ‘திடீரென்று’, ‘வேகமாக’, ‘வழக்கம்போல’ என்று வரும் இடங்களிலும் பேனாவை நிறுத்தி அதே கேள்வியைக் கேளுங்கள்.

இல்லாததை எழுதும்போது இன்னும் கவனம் தேவை. ‘ஸ்பானரைக் கயிற்றில் கட்டவில்லை’ என்று எழுதச் சொல்லி என்னிடம் வந்தது. நாங்கள் பார்த்தது, கீழே கிடந்த ஸ்பானரில் கயிறு இல்லை என்பதை மட்டும்தான். கட்டிய கயிறு அறுந்திருக்கவும் வாய்ப்பு உண்டே. மேலே ஏறிப் பார்த்தோம்: மேடையிலும் பிட்டரின் பெல்ட்டிலும் கயிறோ அறுந்த துண்டோ இல்லை. இந்த மூன்றையும் தனித்தனி வரியாக எழுதினால் முடிவு படிப்பவருக்கே புரியும்.

ஏறிப் பார்த்ததில் இன்னொன்றும் கிடைத்தது. மேடையின் கிழக்கு விளிம்பில் டோ போர்டு, அதாவது பொருள்கள் உருண்டு விழாமல் தடுக்கும் கால்பலகை, 1.2 மீட்டர் நீளத்துக்கு இல்லை. இது அளந்தது. ‘அந்த வழியாகத்தான் ஸ்பானர் விழுந்தது’ என்பது ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் அதன் இடம் வேறு. எச்சரிக்கை நாடா வடக்குப் பக்கம் மட்டுமே கட்டியிருந்தது. ஹெல்பர் வந்தது தெற்கிலிருந்து. ‘நாடாவைக் கவனிக்கவில்லை’ என்ற வரி அங்கேயே அடிபட்டுப் போனது.

படி 3: சாட்சி சொன்னதை ‘சொன்னார்’ என்றே எழுதுங்கள்

ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். ‘ஏன் கவனிக்கவில்லை?’ என்று தொடங்கினால் வாய் மூடிவிடும். ‘அப்போது எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள்?’ என்பது போதும். பதிலை அவர்கள் சொற்களிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

சக தொழிலாளி சொன்னது: “நான் சத்தம் போட்டேன், அவர் விலகிட்டார்.” ஹெல்பர் சொன்னது: “சத்தம் கேட்டுத் திரும்பினேன், அதுக்குள்ள அது கீழே கிடந்துச்சு.” இரண்டும் ஒத்துப்போகவில்லை. 6 மீட்டரிலிருந்து ஒரு பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 1.1 வினாடிதான் ஆகும். அதற்குள் ஒருவர் பார்த்து, கத்தி, இன்னொருவர் கேட்டு விலகுவது கடினம். ஆனால் அதை வைத்து ‘முதலாமவர் சொன்னது தவறு’ என்று எழுதக் கூடாது. இரண்டு வாக்குமூலத்தையும் அப்படியே வையுங்கள். 1.1 வினாடியைக் ‘கணக்கிட்டது’ என்று குறிப்பிட்டுத் தனி வரியாகச் சேருங்கள்.

படி 4: கருத்துக்குத் தனி இடம்

இப்போது நடந்ததை நேர வரிசையில் எழுதி, வரிகளுக்கு எண் போடுங்கள்.

> 1. 10:40 மணி (ஹெல்பர் சொன்னது): 6 மீ. உயர மேடையிலிருந்து 0.8 கிலோ ஸ்பானர் விழுந்தது.
> 2. ஹெல்பர் காட்டிய இடத்திலிருந்து 70 செ.மீ. தள்ளிக் கிடந்தது (அளந்தது).
> 3. கிழக்கு விளிம்பில் 1.2 மீ. நீளத்துக்கு டோ போர்டு இல்லை (அளந்தது).
> 4. நாடா வடக்கில் மட்டும் இருந்தது, ஹெல்பர் தெற்கிலிருந்து வந்தார் (பார்த்தது, ஹெல்பர் சொன்னது).

அதற்குக் கீழே ‘எழுதியவர் கருத்து’ என்ற தலைப்பில்: “டோ போர்டு இல்லாத இடைவெளி வழியாக ஸ்பானர் விழுந்திருக்கலாம் (வரி 3). உறுதிசெய்ய, பிட்டர் ஸ்பானரை எங்கே வைத்திருந்தார் என்று இடத்திலேயே காட்டச் சொல்ல வேண்டும்.” கருத்து சொல்வது தப்பே இல்லை. எந்த வரியை நம்பிச் சொல்கிறீர்கள், எதைப் பார்த்தால் அது உறுதியாகும் அல்லது பொய்யாகும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘உயிர் போயிருக்கும்’ என்பதும் கருத்துதான், அதுவும் இங்கேதான் வர வேண்டும். உயரமும் எடையும் மேலே இருப்பதால் ஆபத்தின் அளவைப் படிப்பவரே எடைபோட்டுக்கொள்வார்.

பின்சேர்க்கை: ‘எங்கள் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் அனுப்பவே முடியாது, பட்டியலில் மனிதத் தவறு, இயந்திரக் கோளாறு என்ற இரண்டுதான் இருக்கின்றன’ என்று ஒருவர் கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார். எரிச்சலூட்டும் படிவம்தான். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், விவரக் கட்டத்தின் முதல் வரியாக ‘காரணம் இன்னும் உறுதியாகவில்லை, படிவம் கட்டாயப்படுத்துவதால் தேர்வு செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: அறிக்கை கொடுத்த பிறகு சிசிடிவி நேரம் 10:43 என்று தெரியவந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். பழைய வரியை அழிக்காதீர்கள். கேமரா கடிகாரத்தின் வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். அப்புறமும் மாறுபட்டால் வரி 1-க்குக் கீழே தேதியிட்டு, ‘சிசிடிவி பதிவின்படி 10:43’ என்று சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.