‘எந்நேரமும் வரலாம்’ என்று எழுதாதீர்கள்: பிரித்தானியாவில் படிப்பவர்களின் பகுதிநேர வேலை சீவி

கொக்குவிலில் இருந்து லெஸ்டருக்கு முதுகலை படிக்கப் போன தங்கச்சி ஒருத்தி, போய் மூன்றாம் வாரம் தன் சீவியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நாற்பது கடைகளுக்குக் கொடுத்தும் ஒருவரும் கூப்பிடவில்லையாம். திறந்து பார்த்தேன். மேலே ஸ்டூடியோவில் எடுத்த படம். கீழே பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமணமாகாதவர் என்ற விபரம், பிறகு சாதாரண தரப் பெறுபேறு ஒன்பது பாடத்துக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி: ‘எந்த நாளும் எந்த நேரமும் வேலை செய்யத் தயார்.’

படமும் அடையாள அட்டை இலக்கமும் எடுத்துவிட்டால் முடிந்தது. ஊரில் அரச வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தின் பழக்கம் அது, அங்கே யாரும் கேட்பதில்லை. +94 தொலைபேசி இலக்கத்தை மாற்றி அங்கத்தைய இலக்கத்தைப் போட்டால் போதும். ஆனால் அந்தக் கடைசி வரியை அப்படி விட முடியாது. நான் பார்க்கும் பத்துச் சீவியில் எட்டில் அது இருக்கிறது.

“அக்கா, எப்ப கூப்பிட்டாலும் வருவன் எண்டு போட்டால்தானே வேலை தருவினம்?” என்று கேட்டாள். நல்ல மனதோடு எழுதியது என்பது தெரிகிறது. ஆனால் வேலை தருபவரின் பக்கத்தில் இருந்து பாருங்கள். மாணவர் விசாவில், பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிப்பவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். பட்டத்துக்குக் கீழான கற்கை என்றால் 10. அனுமதி இல்லாத வேலையில் ஒருவரை வைத்திருந்தால் முதல் தடவையே ஆளொருவருக்கு 45,000 பவுண் வரை கடைக்காரருக்குத் தண்டம் விழலாம். மாணவரைச் சேர்க்கும்போது பல்கலைக்கழகத்தின் தவணைத் திகதிகளின் பிரதி ஒன்றையும் அவர் வாங்கி வைக்க வேண்டும். அப்படிப்பட்ட மனேஜரின் கையில் ‘எந்த நாளும் எந்த நேரமும்’ போய்ச் சேர்ந்தால், இந்தப் பிள்ளைக்கு விதி தெரியாது என்றுதான் நினைப்பார்.

இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிப்போகிறது. எந்த நேரங்களில் வரமுடியும் என்பது ஒன்று, எத்தனை மணித்தியாலம் செய்யலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். தங்கச்சியின் வகுப்புகள் திங்கள் காலை, செவ்வாய் முழுநாள், வியாழன் பின்னேரம், வெள்ளி காலை. அதைப் பார்த்து நாங்கள் இப்படி எழுதினோம் (சீவியில் ஆங்கிலத்தில், இதே ஒழுங்கில்):

திங்கள்: மாலை 5 முதல் இரவு 10 வரை
புதன்: காலை 9 முதல் மாலை 6 வரை
சனி, ஞாயிறு: காலை 8 முதல் இரவு 8 வரை
வேலை அனுமதி: மாணவர் விசா, தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை. தவணைத் திகதிக் கடிதமும் ஷேர் கோடும் தரமுடியும்.

கூட்டிப் பார்த்தால் 38 மணித்தியாலம் வருகிறது. அது பிழையில்லை. அந்த 38க்குள் எந்த 20 வேண்டுமோ மனேஜர் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். தெரிவு செய்ய நேரம் கூடுதலாக இருந்தால் அவருக்கு வசதி. வெள்ளி பின்னேரமும் சும்மாதான் இருந்தாள், ஆனால் நூலகத்துக்கு என்று ஒதுக்கிவிட்டோம். எழுதிய நேரத்துக்குக் கூப்பிட்டு ஒருமுறை மறுத்தால் அடுத்த ஷிப்ட் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆகவே உறுதியாக வரக்கூடியதை மட்டும் போடுங்கள்.

ஷேர் கோட் என்பது உங்கள் வேலை உரிமையை வேலை தருபவர் இணையத்தில் சரிபார்க்க நீங்களே gov.uk தளத்தில் எடுத்துக்கொடுக்கும் குறியீடு. 90 நாள் செல்லும். அதைச் சீவியில் அச்சடித்துவிடாதீர்கள், கேட்கும்போது கொடுத்தால் போதும்.

அடுத்த பிழை கோடைகாலம். தங்கச்சி ‘ஜூன் முதல் முழுநேரம்’ என்றும் போட்டிருந்தாள். இளமாணி படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை உண்டு, அப்போது முழுநேரம் செய்யலாம். ஒரு வருட முதுகலையில் அந்த மாதங்கள் ஆய்வறிக்கை எழுதும் காலம். வகுப்பு இல்லாவிட்டாலும் தவணைக் காலமாகத்தான் பெரும்பாலும் கணக்கு, 20 மணித்தியாலம் மாறாது. உங்கள் பல்கலைக்கழகம் வெளியிடும் திகதிதான் முடிவு, கூடப் படிக்கும் பொடியன் சொன்னது அல்ல. அந்த வரியை எடுத்துவிட்டோம்.

வாரம் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது, நான் படித்த காலத்தில் அதில் விழப் பார்த்தேன். விசாக் கணக்கில் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். நான் நின்ற கடையில் ஷிப்ட் அட்டவணை ஞாயிறில் தொடங்கியது. முதல் அட்டவணையில் ஞாயிறு 4, புதன் 8, சனி 8, மொத்தம் 20. அடுத்ததில் ஞாயிறு 8, புதன் 8, சனி 4, அதுவும் 20. இரண்டும் சரிபோலத்தான் தெரியும். ஆனால் முதல் கிழமையின் புதன் 8, சனி 8, அடுத்த நாள் ஞாயிறு 8 எல்லாம் ஒரே விசா வாரத்துக்குள் விழுகின்றன, 24 ஆகிவிடும். இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16 என்று சராசரி பார்க்க விதியில் இடமில்லை. நல்லவேளை, ஷிப்டுக்கு முன்பே கண்டுகொண்டு மாற்றிக் கேட்டேன். இரண்டு கடையில் வேலை என்றாலும், சம்பளமில்லாத வேலை என்றாலும் எல்லாம் சேர்த்துத்தான் 20. ஏற்கெனவே ஓரிடத்தில் 8 மணித்தியாலம் செய்தால், சீவியில் ‘இன்னும் 12 மணித்தியாலம்’ என்றே எழுதுங்கள்.

செயலி வழியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை ‘எதிர்பார்க்கும் வேலை’ என்று போடும் பொடியள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் சுயதொழிலாகக் கணக்கிடப்படும், மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது.

அப்புறம் திறமை. ‘கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யக்கூடியவர், கணினி அறிவு’ என்று மூன்று சொல் போட்டிருந்தாள். ஊரில் என்ன செய்தாய் என்று கேட்டேன். “ஒண்டும் செய்யேல்ல அக்கா, மாமாவின்ர பார்மசியில சும்மா நிண்டனான்” என்றாள். அந்தச் ‘சும்மா’வைத் துருவினோம். உயர்தரம் முடித்த பிறகு பதினொரு மாதம், திருநெல்வேலியில், பின்னேரம் நான்கு மணித்தியாலம். காசாளர் மேசையில் இருந்திருக்கிறாள். இரவில் பில்லையும் காசையும் ஒப்பிட்டுக் கணக்கு முடித்திருக்கிறாள். காலாவதித் திகதி பார்த்து முதலில் முடியும் மருந்தை முன்னுக்கு வைத்து அடுக்கியிருக்கிறாள். நல்லூர்த் திருவிழா நாள்களில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்லியிருக்கிறாள்.

இந்த நான்கு வரியும் அப்படியே சீவிக்குப் போயின, ‘குடும்பத்தாரின் கடை, சம்பளமின்றி’ என்ற உண்மையோடு. ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பழைய சரக்கை முன்னுக்கு வைத்து அடுக்குவதும் காசாளர் மேசையும்தான் வேலை, அவளுக்கு இரண்டும் பழக்கம். சாதாரண தரப் பெறுபேறுகள் ஒரு வரியாகச் சுருங்கின. இரண்டு பக்கச் சீவி ஒரு பக்கமாக வந்தது. நேர அட்டவணையைப் பெயருக்குக் கீழேயே, முதல் பார்வையில் படும்படி வைத்தோம்.