விலை ஏறும்போது ஒளிந்துகொள்ளும் வீண்செலவு

தக்காளி கிலோ 30 ரூபாயிலிருந்து 80 ஆனால் ஹோட்டலின் உணவுச் செலவு சதவீதம் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்துக்குள் சமையலறையில் வீணாவதும் ஒளிந்துகொள்ளும். அதனால் முக்கியமான நாலைந்து சரக்குகளைக் கிலோவிலும் கணக்குப் பாருங்கள்.

திங்கள் காலை இருப்பு 8 கிலோ, வாரத்தில் வாங்கியது 45, ஞாயிறு இரவு மிச்சம் 7 என்றால் செலவானது 46. பில்படி விற்ற தட்டுகளுக்கு 40 கிலோ போதும் என்று வைத்துக்கொள்வோம். விலையால் கூடியது 40 × 50 = 2,000 ரூபாய்; அது சந்தையின் கணக்கு. மீதி 6 கிலோ, அதாவது 480 ரூபாய், நம் அடுப்படியின் கணக்கு.

அழுகியதைக் கொட்டும் முன் தராசில் வைத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் 2 கிலோதான் இருக்கிறதா? அப்படியானால் மீதி 4 கிலோ அழுகிப் போனதல்ல; சட்னிக்குக் கை தாராளமாகப் போகிறது, அல்லது கூடையே எடை குறைவாக வந்து இறங்குகிறது.