யூனிட் ரூட்டை மறுக்க முடியவில்லை என்றால் சமநிலை பொய்யா? வாங்கும் திறன் சமநிலைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலைப் பொருளாதார மாணவர்களின் ஆய்வேடுகளில் ஒரே முடிவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பதினைந்து வருட மாதாந்தரத் தரவு எடுத்திருப்பார்கள், மொத்தம் 180 புள்ளிகள். மெய் மாற்று விகிதத்தைக் கணக்கிட்டு டிக்கி-ஃபுல்லர் சோதனை போடுவார்கள். −1.7 என்று விடை வரும். 5 சதவீதத்துக்கான எல்லை மதிப்பு −2.86, அதற்கும் கீழே போனால்தான் யூனிட் ரூட்டை மறுக்கலாம். உடனே கடைசி அத்தியாயத்தில், வாங்கும் திறன் சமநிலை இங்கே பொருந்தவில்லை என்று எழுதிவிடுவார்கள். கணக்கில் தவறு இல்லை, முடிவில்தான் இருக்கிறது.

சோதனை என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்ப்போம். டாலர்-பவுண்டு ஜோடியை எடுத்துக்கொண்டால் மெய் மாற்று விகிதம் இதுதான்:

q = s + p* − p

s என்பது ஒரு பவுண்டுக்கு எத்தனை டாலர் என்பதன் மடக்கை. p* பிரிட்டிஷ் விலைமட்டத்தின் மடக்கை, p அமெரிக்க விலைமட்டத்தின் மடக்கை. வாங்கும் திறன் சமநிலை சொல்வது, பிரிட்டனில் விலைகள் வேகமாக ஏறினால் அதே அளவுக்குப் பவுண்டு இறங்க வேண்டும் என்பது, அப்போது q அசையாது. நிஜத்தில் q எப்போதும் அசைந்துகொண்டேதான் இருக்கும். அதனால் சோதனையின் கேள்வி, அசைந்த q தன் சராசரிக்குத் திரும்புகிறதா, அல்லது போன இடத்திலேயே நின்றுவிட்டு அங்கிருந்து மறுபடி அலைகிறதா என்பதுதான். திரும்பாது என்பதே இன்மைக் கருதுகோள். அதற்குப் பெயர் யூனிட் ரூட்.

எவ்வளவு தூரம் அசையும் என்பதற்கு 1980 முதல் 1985 வரையிலான காலம் நல்ல உதாரணம். 1980இல் ஒரு பவுண்டின் ஆண்டுச் சராசரி சுமார் 2.33 டாலர். அடுத்த ஐந்து வருடங்களில் அமெரிக்க நுகர்வோர் விலைகள் ஏறக்குறைய 31 சதவீதமும் பிரிட்டிஷ் சில்லறை விலைகள் ஏறக்குறைய 41 சதவீதமும் உயர்ந்தன. விலை வித்தியாசத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 1985இல் பவுண்டு 2.15 டாலரை ஒட்டி இருந்திருக்க வேண்டும். உண்மையில் அந்த ஆண்டின் சராசரி 1.30தான். அதாவது விலை வித்தியாசம் விளக்குவது போக, மெய் விகிதம் மட்டுமே 40 சதவீதம் சரிந்துவிட்டது. 1988இல் பவுண்டு மறுபடி 1.78 வாக்கில் இருந்தது. இவ்வளவு பெரிய ஊசலாட்டத்துக்குள்ளே மெதுவான ஒரு திரும்பலைத் தேடுவதுதான் நம் வேலை.

இதற்கு எவ்வளவு தரவு தேவை என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஜெஃப்ரி ஃபிராங்கல் 1869 முதல் 1984 வரையிலான டாலர்-பவுண்டு ஆண்டுத் தரவை எடுத்து, விலகலில் வருடத்துக்குச் சுமார் 14 சதவீதம் கரைகிறது என்று மதிப்பிட்டார். அதாவது ஒரு வருட விலகலில் அடுத்த வருடம் மிஞ்சும் பங்கு, தன்தொடர்புக் கெழு ρ = 0.86. பாதி விலகல் மறைய 4.6 வருடம் ஆகும், இதைத்தான் அரை ஆயுள் என்கிறோம். இந்த ρதான் உண்மை என்று வைத்துக்கொள்வோம், அதாவது சமநிலை நிஜமாகவே வேலை செய்கிறது. அப்போது சோதனை மதிப்பு −2.86ஐத் தொடத் தேவையான வருடங்கள் தோராயமாக:

N = 2.86² × (1 + ρ) / (1 − ρ) = 8.18 × 1.86 / 0.14 ≈ 109

நூற்றொன்பது வருடம்! ஃபிராங்கலிடம் 116 வருடத் தரவு இருந்தது, அவரால் யூனிட் ரூட்டை மறுக்க முடிந்தது. 1973க்குப் பிந்தைய மிதக்கும் விகிதக் காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு 1980களில் சோதித்தவர்களிடம் பத்துப் பதினைந்து வருடம்தான் இருந்தது. அவர்களால் மறுக்க முடியாமல் போனதில் வியப்பு இல்லை. அந்த நேரத்தில் பலர் அதைச் சமநிலைக்கு எதிரான சான்றாகவே படித்தார்கள். 15 வருடத் தரவு வைத்திருப்பவர் எழுதக்கூடியது இவ்வளவுதான்: இந்தத் தரவில் யூனிட் ரூட்டை மறுக்க முடியவில்லை, அரை ஆயுள் ஐந்து வருடமாக இருந்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும்.

இதைச் சொன்னவுடன் மாணவர்கள் கேட்பது, "சார், ஆண்டுத் தரவுக்குப் பதில் மாதத் தரவு போட்டால் புள்ளிகள் பன்னிரண்டு மடங்கு ஆகுமே?" என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் பலன் இல்லை. வருடத்துக்கு 0.86 என்றால் மாதத்துக்கு ρ ஏறக்குறைய 0.9875. மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் சுமார் 1300 மாதம் வருகிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், அதே 108, 109 வருடம்தான். மெதுவாகத் திரும்பும் ஒன்றைப் பிடிக்க எத்தனை முறை எட்டிப் பார்க்கிறோம் என்பதைவிட எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே முக்கியம். தினசரித் தரவு எடுத்தாலும் கதை இதுதான்.

சரி, காலத்தை நீட்டுவதுதான் வழி என்றால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜேம்ஸ் லோதியனும் மார்க் டெய்லரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் டாலர்-பவுண்டுக்கு 1791 முதல் 1990 வரை இரண்டு நூற்றாண்டுத் தரவை எடுத்தார்கள். மெய் விகிதம் சராசரிக்குத் திரும்புகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த இருநூறு வருடங்களுக்குள் தங்கத் திட்டம், போர்க்காலக் கட்டுப்பாடு, பிரெட்டன் வுட்ஸ் நிலை விகிதம், மிதக்கும் விகிதம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அந்தச் சராசரி வேகத்தை எடுத்து இன்றைய மிதக்கும் விகிதத்துக்கு அப்படியே பொருத்துவது இன்னொரு தவறு. நீட்டுவதற்குப் பதிலாக இருபது நாடுகளைச் சேர்த்துப் பேனல் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். எல்லா விகிதங்களையும் டாலருக்கு எதிராக எடுத்தால், டாலர் ஏறும்போது இருபதும் ஒன்றாகவே நகரும். அந்தத் தொடர்பைக் கணக்கில் எடுக்காமல் இருபது தனித்தனிச் சாட்சிகள் என்று எண்ணினால், சமநிலைக்குச் சாதகமான முடிவு மலிவாகக் கிடைத்துவிடும். பால் ஓ'கானல் 1998இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார்.

அப்புறம், குறுகிய காலத்தில் இவ்வளவு விலகல் ஏன் என்ற கேள்விக்கு மாணவர்கள் வழக்கமாக எழுதும் பதில், முடிவெட்டும் கூலியும் வீட்டு வாடகையும் நாடு விட்டு நாடு போகாது என்பது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். நீண்டகால மட்டங்களின் வேறுபாட்டுக்கு அது பொருந்தும். மாதக்கணக்கில் நடக்கும் ஊசலாட்டத்துக்கு அது போதாது. சார்ல்ஸ் எங்கல் 1999இல் அமெரிக்காவின் மெய் விகித அசைவுகளை வர்த்தகமாகும் பொருள்கள், வர்த்தகமாகாத பொருள்கள் என்று பிரித்துப் பார்த்தார். அசைவு ஏறக்குறைய முழுவதும் வர்த்தகமாகும் பொருள்களின் பக்கமே இருந்தது. கப்பலில் ஏறி வரக்கூடிய பொருளுக்கே இரண்டு நாட்டிலும் ஒரே விலை இல்லை.

காரணம், நாணயச் சந்தை நொடிக்கு நொடி நகர்கிறது, விலைப்பட்டியல் அப்படி நகர்வதில்லை. வட்டி விகிதம் குறித்த செய்தி வந்த அன்றே மாற்று விகிதம் தாவும். கடையின் விலைச்சீட்டோ, தொழிற்சாலையின் ஒப்பந்த விலையோ, கூலியோ மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அதனால் s குதித்தால் q-உம் அதே அளவு குதிக்கிறது. மைக்கேல் முஸ்ஸா 1986இல் காட்டியது இதற்கு வலுவான சான்று. விகிதத்தை மிதக்கவிட்ட பிறகு, பெயரளவு விகிதத்தோடு சேர்ந்து மெய் விகிதமும் பல மடங்கு அதிகமாக ஆடத் தொடங்குகிறது. அயர்லாந்தைப் பாருங்கள். 1979 மார்ச் வரை ஐரிஷ் பவுண்டு பிரிட்டிஷ் பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டிருந்தது. பிறகு ஐரோப்பிய நாணய அமைப்புக்குள் போய் ஜெர்மன் மார்க்கோடு கட்டப்பட்டது. கட்டு மாறியதும் பிரிட்டனோடு மெய் விகிதத்தின் ஆட்டம் கூடியது, ஜெர்மனியோடு குறைந்தது. ஐரிஷ்காரர்கள் வாங்கும் பொருளோ பக்கத்து நாட்டின் தூரமோ அந்த வருடத்தில் மாறவில்லை. மாறியது நாணய ஏற்பாடு மட்டும்தான்.

அப்படியானால் மலிவான இடத்தில் வாங்கி விலையான இடத்தில் விற்று இடைவெளியை யாரும் மூடவில்லையா? மூடத்தான் பார்த்தார்கள். 1984, 85 வாக்கில் டாலர் உச்சத்தில் இருந்தபோது, பல அமெரிக்கர்கள் அதிகாரபூர்வ விற்பனையாளரை விட்டுவிட்டு மெர்சிடிஸ் காரை ஜெர்மனியில் நேரடியாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். உற்பத்தியாளர்கள் அமெரிக்க விலையை டாலரில் வைத்திருந்தார்கள், மார்க் சரிந்தபோதும் அதே அளவுக்கு அதைக் குறைக்கவில்லை. ஆனால் வந்த காரை அமெரிக்கப் பாதுகாப்பு விதிக்கும் புகை விதிக்கும் ஏற்ப மாற்றியமைக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. 1988இல் சட்டமே கடுமையானது. இடைவெளி அந்தச் செலவுக்குள் இருக்கும்வரை யாருக்கும் வாங்கிவர ஆசை வராது, அதைத் தாண்டினால்தான் வரும். ஆகவே சிறிய விலகலும் பெரிய விலகலும் ஒரே வேகத்தில் கரையும் என்று கொள்ளும் நேர்கோட்டுச் சோதனை, இந்த இடத்தில் உண்மையைக் கொஞ்சம் மறைத்துவிடுகிறது.

விலைகள் சட்டென்று மாறாமல் ஒட்டிக்கொள்வதே முழு விளக்கம் என்று நிறுத்துவதும் சரியல்ல. கென்னத் ரோகாஃப் 1996இல் எழுப்பிய புதிர் அதுதான். பொதுவாகக் கிடைக்கும் அரை ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம். விலைச்சீட்டும் கூலி ஒப்பந்தமும் அத்தனை வருடம் மாறாமல் இருப்பதில்லை. ஆனால் அந்த மூன்று, ஐந்து என்ற எண்களையும் ஒற்றைப் புள்ளியாக நம்பிவிடக் கூடாது. ஃபிராங்கலின் 116 வருடத் தரவுக்கே ρவின் திட்டப்பிழை சுமார் 0.047 வரும். 95 சதவீத இடைவெளியைப் போட்டால் ρ ஏறக்குறைய 0.77 முதல் 0.95 வரை போகிறது. அதை அரை ஆயுளாக மாற்றினால் 2.7 வருடம் முதல் 13.5 வருடம் வரை. அரை ஆயுளை மட்டும் எழுதி இந்த வீச்சை விட்டுவிடுவது, படிப்பவரை ஏமாற்றுவதற்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியாக, நம் ஊர் விவாதங்களில் அடிக்கடி கேட்கும் ஒன்று. உலக வங்கியின் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் 2017க்கு வாங்கும் திறன் அடிப்படையில் ஒரு டாலருக்கு 20.65 ரூபாய் என்று கணக்கிட்டது. சந்தை விகிதம் 65.12. இதைக் காட்டி, ரூபாய் மூன்றில் ஒரு பங்குக்கு மதிப்பிடப்பட்டிருக்கிறது, ஒருநாள் 20க்கு வந்துதான் தீரும் என்கிறார்கள். அந்த எண்ணுக்குள் கூலி குறைந்த நாட்டின் சேவை விலைகளும் அடங்கியிருக்கின்றன. ஏழை நாட்டில் அவை மலிவாக இருப்பது பலாஸாவும் சாமுவேல்சனும் 1964இல் விளக்கிய நீண்டகால நிலை, நாளைக்கே சரியாகிவிடும் பிழை அல்ல. 2011இல் இதே கணக்கு 15.55, சந்தை விகிதம் 46.67, அதாவது சரியாக மூன்று மடங்கு. ஆறு வருடம் கழித்து அது 3.15 மடங்கு.