'யாருக்கு' இல்லாத தலைப்பு வரி

கோத்தகிரியில் சின்னச் சின்ன ஓம்ஸ்டேகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி தன் லிங்க்ட்இன் பக்கத்தைக் காட்டினான். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரி: 'மெக்கானிக்கல் இன்ஜினியர் | பிரச்சினைகளுக்குத் தீர்வு | தேநீர்ப் பிரியன்'. பத்து வருடத்துக்கு முன் நான் எழுதியதை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது.

யாருக்கு என்று சொல்லாதது

என் வரி 'கணக்காளர், வரி ஆலோசகர், அனைத்து நிறுவனங்களுக்கும்' என்று இரண்டு வருடம் கிடந்தது. 'அனைத்து' என்று போட்டால் எல்லாரும் வருவார்கள் என்று நினைப்பு. என் தெருவிலேயே ஓம்ஸ்டே வைத்திருக்கும் அக்கா கோவையில் ஒருவரிடம் கணக்கைக் கொடுத்தார். கேட்டால், "நீங்க பெரிய கம்பெனிக்குத்தான் பாப்பீங்கன்னு நினைச்சேன் தம்பி" என்றார். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

தம்பி உண்மையில் செய்வது சி.டி.சி. ரோலர் ஷார்ப்பனிங், அதாவது தேயிலையை அறுக்கும் இயந்திர உருளைகளின் பல்லைத் தீட்டுவது. ரோலரின் பல் மழுங்கினால் இலை அறுபடாமல் நசுங்கும். தூளின் தரம் இறங்கும். சரி, காசு கொடுப்பது யார்? விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகள். அந்த மேனேஜர் 'ரோலர் ஷார்ப்பனிங்' என்றுதான் தேடுவார். 'பிரச்சினைகளுக்குத் தீர்வு' என்று யாரும் தேடுவதில்லை. 'தேநீர்ப் பிரியன்' மட்டும் வேலை செய்திருக்கிறது: நல்ல டீத்தூள் எங்கே கிடைக்கும் என்று ஊட்டி வரும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்களாம்.

உட்கார்ந்து மாற்றினோம். முதலில் வந்தது: 'நீலகிரி தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு சி.டி.சி. ரோலர் ஷார்ப்பனிங் செய்து தருகிறேன்'. யாருக்கு என்பது வந்துவிட்டது. ஆனால் தமிழில் எழுதினால் இங்கே ஒரு வம்பு உண்டு. செய்யும் வேலை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். யாருடைய பதிவிலாவது நாம் கருத்துப் போட்டால் போன் திரையில் இந்த வரியின் முன்பாதிதான் தெரியும், மிச்சம் புள்ளிகளாகிவிடும். ஆக 'நீலகிரி தேயிலைத் தொழிற்சாலை…' என்று நிற்கும், தொழிற்சாலையே அவனுடையது போல. திருப்பிப் போட்டோம்:

'சி.டி.சி. ரோலர் ஷார்ப்பனிங் – நீலகிரி தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு'

எங்கே அறுத்தாலும் வேலை மிஞ்சும். வேறு மாவட்டத்து வேலை போய்விடாதா என்று கேட்டான். ரோலரைக் கழற்றி வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டிய தொழில் இது. தூரத்திலிருந்து வருவது எப்படியும் குறைவுதான்.

காலியாக விடுவது

தலைப்பு வரியில் பதவியையும் கம்பெனிப் பெயரையும் லிங்க்ட்இன் தானே போட்டுக்கொள்ளும். வேலை மாறப்போகிறவருக்கு அது உதவாது.

220 எழுத்து வரை இடம் இருக்கிறதே என்று நிரப்புவது

வேண்டாம். தமிழில் 'தே' என்பதே இரண்டாகக் கணக்காகும், அது வேறு.

'ஆர்வமுள்ள', 'அர்ப்பணிப்புள்ள'

அழித்துவிடுங்கள்.

தம்பிக்கு 'தேநீர்ப் பிரியன்' போனதில்தான் வருத்தம். "அதை எங்கண்ணா போடறது?" என்றான். கீழே அறிமுகப் பகுதியில், கடைசி வரியாக இப்போது இருக்கிறது.