யானைமலைக்கு முன்னால் ஒரு காளை: கம்போசிட் படம் எடிட்டிங்குக்கு முன்பே கெட்டுப்போகும் இடங்கள்

பாலமேட்டுப் பக்கம் ஒரு குடும்பம். தாத்தா, பேரன், அவர்கள் வளர்க்கும் புலிக்குளம் காளை, மூவரும் யானைமலைக்கு முன்னால் நிற்பதுபோல் பெரிய படம் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். காளையை வண்டியில் ஏற்றி ஒத்தக்கடை வரை கொண்டுவர அவர்களுக்கு மனமில்லை. தனித்தனியாக எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதென்று முடிவானது. அந்தப் படத்தை நான் இரண்டு முறை செய்தேன். முதல் முறை கெட்டுப்போனதற்கும் போட்டோஷாப்பில் நான் செய்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. எடுக்கும்போதே கெட்டுவிட்டது.

மலைப் படம் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. தரையிலிருந்து கேமரா சுமார் 25 அடி உயரத்தில் இருந்திருக்கும். தாத்தாவையும் காளையையும் அவர்கள் வீட்டுக் களத்தில், கண்மட்டத்தில் எடுத்தேன். வெட்டி, கலர் சரிசெய்து, நிழலும் போட்டுப் பார்த்தால் மூவரும் மலையடிவாரத்தில் ராட்சதர்கள்போல் நின்றார்கள். சின்னதாக்கினேன். இப்போது அட்டையில் வெட்டி ஒட்டிய பொம்மைகள் மாதிரி இருந்தது.

காரணம் தொடுவானக் கோடு. சமதரையில் எடுத்த எந்தப் படத்திலும், அந்தக் கோடு ஒவ்வொரு பொருளையும் கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். கேமரா ஐந்தரை அடியில் இருந்தால், ஐந்தரை அடி ஆளின் உச்சந்தலை பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அந்தக் கோட்டைத் தொடும். என் மொட்டைமாடிப் படத்தில் அந்தக் கோடு தரைக்கு 25 அடி மேலே. அங்கே நிற்கும் ஐந்தடி ஆளின் காலிலிருந்து கோடு வரை ஐந்து பங்காகப் பிரித்தால், ஆள் கீழே ஒரு பங்குதான். தலை கோட்டைத் தொடும்படி வைத்தால் அவர் 25 அடி மனிதர். சரியான அளவுக்குச் சுருக்கினாலும் தீராது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் தாத்தாவின் உச்சந்தலையும் காளையின் முதுகும் தெரியவேண்டும். கண்மட்டத்தில் எடுத்த படத்தில் காளையின் முதுகு எங்கிருந்து வரும்?

அதனால் முதலில் முடிவாக வேண்டியது பின்னணி. மலையை நகர்த்த முடியாது, ட்ரைபாடை நகர்த்தலாம். இரண்டாம் முறை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வயல் வரப்பில் ட்ரைபாடை வைத்தேன். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருந்தது. ட்ரைபாட் நான்கு அடி. ஆனால் வரப்பு வயலைவிட ஒன்றரை அடி மேடு. காளை நிற்கப்போவது வயலில். அப்படியானால் கேமரா உயரம் நான்கு அல்ல, ஐந்தரை. அளக்கவேண்டியது ட்ரைபாடின் காலிலிருந்து அல்ல, ஆள் நிற்கப்போகும் தரையிலிருந்து. களத்துத் தரை சமமாக இருந்ததால் அங்கே ட்ரைபாடை ஐந்தரை அடிக்கே ஏற்றிக்கொண்டேன்.

மலை மறைக்கும்போது தொடுவானம் எங்கே என்று பலர் தடுமாறுகிறார்கள். மலையின் அடியைக் கோடு என்று எடுத்துக்கொண்டு தவறுகிறவர்களும் உண்டு. சுலபமான வழி, கேமராவை மேலும் கீழும் சாய்க்காமல் மட்டம் பார்த்து எடுப்பது. அப்போது தொடுவானம் படத்தின் நடுக்கோட்டிலேயே இருக்கும். க்ராப் செய்வதற்கு முன் அங்கே ஒரு கைட் கோடு போட்டுவையுங்கள். வானம் அதிகம் வேண்டுமென்றால் கேமராவைச் சாய்க்காமல் அகலமாக எடுத்து, பிறகு கீழே வெட்டுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ‘காலை எட்டே முக்காலுக்கு மலையை எடுத்தோம், காளையையும் அதே நேரத்துக்கு எடுப்போம்’ என்பது நம் ஊரில் பெரிய ஏமாற்றம். மதுரை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. தை நடுவில் எட்டே முக்காலுக்குச் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி நிற்கும். ஆனியில் அதே நேரத்துக்கு வடக்கே தள்ளி நிற்கும். இரண்டுக்கும் இடையில் சுமார் 50 டிகிரி வித்தியாசம். உயரமும் மாறும்: தையில் ஆளைப்போல் இரண்டு மடங்கு நீளும் நிழல், ஆனியில் ஒன்றரை மடங்குகூட வராது.

கடிகாரத்தை விட்டுவிட்டு ஒரு குச்சியை நடுங்கள். ஒரு முழக் குச்சி போதும். மலையை எடுத்த அன்று, அதே இடத்தில் நட்டு இரண்டு விஷயம் குறித்துக்கொண்டேன். நிழல் குச்சியைப்போல் எத்தனை மடங்கு என்பது ஒன்று. குச்சியை நடுவாக வைத்துத் தரையில் ஒரு கடிகார முகத்தைக் கற்பனை செய்து, கேமரா 6-ல் இருந்தால் நிழல் எந்த எண்ணைக் காட்டுகிறது என்பது இன்னொன்று. அன்று நிழல் இரண்டு மடங்கு, முனை 10-ஐக் காட்டியது. சூரியன் 4-ல், அதாவது எனக்கு வலப்பக்கம் பின்னால்.

பங்குனியில் காளையை எடுக்கப் போனபோது திசைகாட்டியைப் பார்க்கவே இல்லை. களத்தில் குச்சியை நட்டு, நிழல் இரண்டு மடங்காகும் வரை காத்திருந்தேன். நிழல் முனை 10-க்கு வரும்படி குச்சியைச் சுற்றி நடந்து ட்ரைபாடை வைத்தேன். கிழக்கு எது மேற்கு எது என்பது படத்துக்குத் தெரியாது. கேமராவுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் என்பதுதான் தெரியும். ஆனால் நேரம் பதினைந்து இருபது நிமிடம்தான் கிடைக்கும், காளை அதற்குள் பொறுமை இழந்துவிடும். அதனால் முதலில் பேரனை நிறுத்தி எல்லாம் சரிபார்த்துவிட்டு, கடைசியில்தான் காளையைப் பிடித்துவரச் சொன்னேன்.

வெளிச்சம் எதிர்ப்பக்கம் விழுந்த படத்தைத் திருப்பிப்போட்டுவிடலாம் என்று தோன்றும். முதல் முறை அதையும் செய்தேன். தாத்தா படத்தைப் பார்த்தவுடன், “தம்பி, கொம்பு மாறிப்போச்சே” என்றார். அந்தக் காளைக்கு இடக்கொம்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். திருப்பியதில் அது வலக்கொம்பாகிவிட்டது. பிறந்ததிலிருந்து அதைத் தடவி வளர்த்தவருக்கு அது வேறொரு மாடு. பெண்கள் படமென்றால் முந்தானை தோள் மாறும், சட்டையென்றால் பட்டன் பக்கம் மாறும். திருப்புவதை விட்டுவிடுங்கள், திரும்பப் போய் எடுங்கள்.

வேப்பமர நிழலில் எடுத்த முகத்தை வெயிலுக்குள் வைப்பதும் நடக்காது. நிழலில் மூக்குக்குக் கீழே கூர்மையான நிழல் இல்லை, கண்ணில் வானத்தின் வெளிச்சம் பரந்து கிடக்கும். அதைப் பிரஷ்ஷால் வரைந்தால் முகம் மெழுகாகிவிடும். வெயில் தாங்காத பெரியவர் என்றால் மலையையும் மேகமூட்டமான நாளில் எடுங்கள். அதுவே சுலபம்.

கடைசியாக, தூரம். உயரமும் வெளிச்சமும் பொருந்தியும் பேரன் ஒட்டாமல் நின்றான். காளையையும் தாத்தாவையும் 20 அடி தள்ளி எடுத்திருந்தேன், பேரனை வைட் லென்ஸில் ஆறடி தூரத்தில். பக்கத்திலிருந்து எடுத்ததால் தலை பெரிதாக, கால் குட்டையாக, மேலிருந்து பார்த்ததுபோல் ஆகிவிட்டது. லென்ஸ் எதுவானாலும் பரவாயில்லை, நிற்கும் தூரம்தான் ஒத்துப்போகவேண்டும். மறுநாள் அதே குச்சி, அதே ஐந்தரை அடி, 20 அடி தள்ளி நின்று அவனை மட்டும் எடுத்தேன். கைட் கோட்டுக்கு ஒன்றரை அடி கீழே தலை வரும்படி, அவன் நான்கு அடி உயரத்துக்கு ஏற்ப வைத்தபோது, காளையின் திமிலுக்குச் சற்றே தாழ, களத்தில் நின்ற மாதிரியே நின்றான்.